பக்கத் தலைப்பை வெட்டி விளம்பரத்தில் ஒட்டாதீர்கள்

கூகுள் ஆட்ஸில் புதிதாக இறங்குபவர்களின் கணக்குகளை அவ்வப்போது பார்த்துக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழை, தப்பான லிங்க் போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். இணையப் பக்கத்துக்கு எழுதிய தலைப்பையே விளம்பரத்திலும் ஒட்டி ஆரம்பத்தில் நான் பணம் இழந்தேன், அந்தத் தவறை இன்னும் எல்லோரும் அப்படியே செய்வதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு வாக்கியத்தைப் பல ஹெட்லைனாகப் பிரிப்பது

இணையப் பக்கத்தின் தலைப்பு ஒரே வரி. நீங்கள் எழுதிய வரிசையில்தான் வாசகர் அதைப் படிப்பார். நீளமாக இருந்தால் திரையின் அகலத்துக்கு ஏற்ப வால் வெட்டுப்படும், சில சமயம் கூகுளே வேறு தலைப்பு போட்டுவிடும். அதனால் முக்கியமானதை முன்னால் வைத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

விளம்பரம் அப்படி இல்லை. இப்போதுள்ள ரெஸ்பான்சிவ் சர்ச் ஆடில் 30 எழுத்துக்குள் 15 ஹெட்லைன் வரை, 90 எழுத்துக்குள் 4 டிஸ்கிரிப்ஷன் வரை கொடுக்கிறோம். கூகுள் அதிலிருந்து அதிகபட்சம் 3 ஹெட்லைனையும் 2 டிஸ்கிரிப்ஷனையும் தனக்குப் பிடித்த வரிசையில் கோத்துக் காட்டும். அதிகபட்சம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வரலாம், ஒன்றே ஒன்றும் வரலாம்.

சென்னையில் வாட்டர் பியூரிஃபையர் விற்று சர்வீஸும் செய்யும் ஒரு கடைக்கு விளம்பரம் எழுதினேன். புதிதாக மெஷின் வாங்குபவர்களுக்கு முதல் சர்வீஸ் இலவசம் என்பது சலுகை. அவர்களுடைய பக்கத் தலைப்பில் அது முழு வாக்கியமாக நன்றாகவே இருந்தது, ஆனால் 30 எழுத்தில் அடங்கவில்லை. சரி, இரண்டாகப் பிரிப்போம் என்று இப்படிப் போட்டேன்:

```
முதல் சர்வீஸ் இலவசம்
புது மெஷின் வாங்கினால் மட்டும்
```

எடிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் தேடியவர்களில் பலருக்கு முதல் துண்டு மட்டும் போய்ச் சேர்ந்தது. ஐந்து வருடப் பழைய மெஷினை வைத்திருப்பவர்கள் எல்லாம் கிளிக் செய்து, போன் போட்டு, "இலவசம்னு போட்டிருக்கீங்களே அண்ணா, எப்ப வருவீங்க?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை, படித்ததைத்தான் கேட்டார்கள். கிளிக்குக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, அப்படி 50 பேர் வந்தால் 2,000 ரூபாய் போய்விடும், ஒரு மெஷினும் விற்றிருக்காது. அதைவிட, போனை எடுத்த பெண் நாள் முழுக்கத் திட்டு வாங்கியதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நிபந்தனையும் சலுகையும் ஒரே 30 எழுத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் சலுகையை ஹெட்லைனில் சொல்லவே கூடாது. பிறகு மாற்றி எழுதியது இது:

```
வாங்கினால் 1 சர்வீஸ் இலவசம்
```

எங்கே வந்தாலும், தனியாக வந்தாலும், பொருள் மாறாது. முழு விவரம் டிஸ்கிரிப்ஷனுக்குப் போனது. அதை 1-ஆம் இடத்திலேயே நிற்கும்படி 'Pin' செய்தேன், ஏனென்றால் 2-ஆவது டிஸ்கிரிப்ஷன் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. அப்படி 'Pin' செய்தால் 'Ad strength' என்ற கூகுளின் மதிப்பீடு இறங்கிக் காட்டும், அதற்குப் பயந்து 'Pin'-ஐ எடுத்துவிடாதீர்கள்.

எழுதி முடித்ததும் ஹெட்லைன்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒன்றை மட்டும் எடுத்துப் படித்துப் பாருங்கள். அப்புறம் இரண்டு, தலைகீழ் வரிசையில். எதிலாவது பொய்யோ பாதிப் பேச்சோ வந்தால் அந்த வரியைத் தூக்கிவிடுங்கள். விளம்பரம் ஓடத் தொடங்கிய பிறகு, அசெட் விவரங்களில் 'Combinations' பகுதியைத் திறந்தால் எந்த வரிகள் சேர்ந்து காட்டப்பட்டன என்று தெரியும். நான் அதைப் பார்த்தது பணம் போன பிறகுதான்.

எல்லோரையும் அழைப்பது

"தண்ணீரில் வாடை வருவது ஏன்?" என்பது பக்கத்துக்கு நல்ல தலைப்பு. சும்மா தெரிந்துகொள்ள வருபவரும் படித்துவிட்டுப் போகட்டும், அவருடைய கிளிக்குக்கு நாம் காசு கொடுப்பதில்லை. அதையே ஹெட்லைனாகப் போட்டால் அவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். விளம்பரத்தில் `விசிட் கட்டணம் ரூ.300` என்று எழுதினேன். கிளிக் குறைந்தது, கடைக்காரர் முதலில் பதறினார். ஆனால் கட்டணத்தைக் கேட்டதும் போனை வைப்பவர்களும் குறைந்தார்கள்.

கண்ணால் எழுத்தை எண்ணுவது

'கி' நமக்கு ஓரெழுத்து, யூனிகோடில் இரண்டு. விளம்பரம் எழுதும் பெட்டியில் ஒட்டிப் பார்த்து எண்ணுங்கள்.

ஹெட்லைனில் ஆச்சரியக்குறி

கூகுள் ஏற்காது.

விளம்பர வரியில் போன் நம்பர்

அதையும் ஏற்காது. போன் நம்பருக்கென்று 'Call asset' தனியாக இருக்கிறது.