வெசாக் எந்த நாள்? தேதி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தரின் பிறப்பை நினைவுகூரும் பௌர்ணமித் திருநாள் வெசாக். 2023-இல் இலங்கையில் அது மே 5 அன்று வந்தது. தாய்லாந்தில் விசாக பூஜை என்ற பெயரில் ஜூன் 3, சிங்கப்பூரில் வெசாக் விடுமுறை ஜூன் 2. கொழும்பில் வெசாக் விளக்குக் கூடு கட்டிப் பார்த்துவிட்டு சிங்கப்பூருக்குப் போனால் ஒரு மாதம் கழித்து அங்கே மறுபடியும் வெசாக். இதைக் கேட்டதும் பலரும் சொல்லும் பதில், “நேர வித்தியாசம்தான் காரணம்” என்பது. முதல் தவறு அதுதான். நேர வித்தியாசத்தால் தேதி ஒரு நாள் தள்ளலாம், ஒரு மாதம் தள்ளாது.

காரணம் அதிக மாதத்தில் இருக்கிறது. பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் சுமார் 354 நாள்தான் வரும். ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவதால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதின்மூன்றாவதாக ஒரு மாதம் சேர்க்கிறார்கள். இலங்கையும் தாய்லாந்தும் இதை வெவ்வேறு இடத்தில் சேர்ப்பதால்தான் வெசாக் மாறுகிறது என்று நினைப்பது அடுத்த தவறு. 2023-இல் இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் சேர்த்தன. இலங்கையில் அதி எசல, அதன்பின் எசல என்று இரண்டு போயா, அதாவது பௌர்ணமி நாட்கள், வந்தன. தாய்லாந்தில் எட்டாம் மாதம் இரண்டு முறை வந்தது. இரண்டுமே வெசாக்குக்குப் பிந்திய மாதங்கள்.

வேறுபாடு தாய்லாந்தின் ஒரு விதியில் இருக்கிறது. அங்கே விசாக பூஜை வழக்கமாக ஆறாம் மாதப் பௌர்ணமியில் வரும், புத்தரின் முதல் போதனையை நினைவுகூரும் ஆசாள்ஹ பூஜை எட்டாம் மாதப் பௌர்ணமியில். இடையே சரியாக இரண்டு மாதம். அதிக மாதம் வரும் ஆண்டில் ஆசாள்ஹ பூஜை இரண்டாம் எட்டாம் மாதத்துக்குப் போய்விடும். இடைவெளி மூன்று மாதமாக நீளாமல் இருக்க, விசாக பூஜையையும் ஏழாம் மாதப் பௌர்ணமிக்கு நகர்த்துகிறார்கள். இலங்கை அப்படி நகர்த்துவதில்லை. அந்த ஆண்டு எசல போயாவும் ஆசாள்ஹ பூஜையும் ஒரே நாளில், ஆகஸ்ட் 1 அன்று வந்தன. வெசாக் மட்டுமே பிரிந்து நின்றது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

நம் தமிழ் நாட்காட்டியை வைத்து வெசாக்கைத் தேடுவதும் சரிவராது. வைகாசி விசாகம், வெசாக் இரண்டுக்கும் பெயர் ஒரே வேரிலிருந்து வந்தாலும், நம் வைகாசி சூரிய மாதம், மே நடுவில்தான் பிறக்கும். 2023 மே 5 நமக்குச் சித்ரா பௌர்ணமி. இலங்கையில் வெசாக் கொண்டாடிய அதே நாளில்தான் மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கினார். வைகாசி விசாகமோ ஜூன் 2 அன்று வந்தது.

எல்லா நாட்டிலும் பௌர்ணமிதான் என்று நம்பிவிடவும் கூடாது. சீன மரபில் புத்தர் பிறந்த நாள் நான்காம் மாதத்தின் எட்டாம் நாள், அதாவது வளர்பிறை. கொரியாவிலும் அதே கணக்குதான். ஆனாலும் 2023-இல் ஹாங்காங்கில் மே 26, தென் கொரியாவில் மே 27. இங்கேதான் நேர வித்தியாசம் உண்மையிலேயே வேலை செய்தது. அந்த மாதத்தைத் தொடங்கிவைத்த அமாவாசைக் கணம் ஹாங்காங் நேரப்படி மே 19 இரவு 11.53. சியோலில் அப்போது நள்ளிரவு தாண்டி மே 20, 12.53 ஆகியிருந்தது. ஒரு மணி நேரத்தில் முதல் நாள் மாறியது, எட்டாம் நாளும் கூடவே மாறியது. ஜப்பானில் இந்தக் கணக்கே இல்லை, ஆண்டுதோறும் ஏப்ரல் 8.

ஒரு நாள் வித்தியாசத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாய்லாந்தின் சந்திர மாதங்கள் 29, 30 நாள் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. அதனால் நாட்காட்டிப் பௌர்ணமி வானத்துப் பௌர்ணமிக்கு ஒரு நாள் முந்தலாம். 2023-இல் நிலவு முழுமையடைந்த கணம் பாங்காக் நேரப்படி ஜூன் 4 காலை சுமார் 10.42, பூஜை நடந்ததோ ஜூன் 3. இந்தோனேசியர்கள் அந்தக் கணத்தையே நிமிடக் கணக்கில் கணித்து, ஜூன் 4 காலையில் போரோபுதூரில் தியானத்தில் அமர்ந்தார்கள்.

பயணச்சீட்டு எடுக்கும் முன் “மே மாதப் பௌர்ணமி” என்று இணையத்தில் தேடிக் குறித்துக்கொள்ளாதீர்கள், போன வருடத் தேதியோடு பத்துப் பதினொரு நாள் கூட்டிக் கழிக்கவும் வேண்டாம். போகும் நாட்டின் அரசு அந்த ஆண்டுக்கு வெளியிட்ட விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். தாய்லாந்து நாட்காட்டி கையில் இருந்தால் அதில் எட்டாம் மாதம் இரண்டு முறை, 8-8 என்று, வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் விசாக பூஜை ஒரு பௌர்ணமி தள்ளிப்போகும். 2024-இல் அப்படி வரவில்லை, தாய்லாந்தில் மே 22, இலங்கையில் மே 23.