ஒற்றைக் கண் பார்வை: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

எனக்கு இடது கண்ணில் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. புதிதாக ஒரு கண் பார்வையை இழந்தவர்களைச் சந்திக்கும்போதெல்லாம், ஆரம்பத்தில் நான் செய்ததையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவது, கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வது எல்லாம் சில மாதங்களில் சரியாகிவிடும். ஜக்கின் வாயைத் தம்ளர் விளிம்பில் தொடவைத்து ஊற்றினால் போதும். நான் சொல்ல வந்தவை வேறு.

தூரம் தெரியாதே என்று மட்டும் கவலைப்படுவது

இரண்டு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு, கைக்கெட்டும் தூரத்தில்தான் அதிகம் உதவும். ஊசியில் நூல் கோப்பது, கை குலுக்குவது, படி இறங்குவது போன்ற வேலைகளில்தான் அதன் இழப்பு உறைக்கும். படியில் நின்று தலையை லேசாக இடவலமாக அசைத்துப் பாருங்கள். அருகில் உள்ள விளிம்பு அதிகமாகவும் தள்ளியிருக்கும் தரை குறைவாகவும் நகர்வதுபோல் தோன்றும். எத்தனை ஆழம் என்பது அதிலேயே பிடிபடும்.

தொலைவில் வரும் பேருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை எல்லோரும் பெரும்பாலும் அதன் உருவ அளவையும், எது எதை மறைக்கிறது என்பதையும் வைத்துத்தான் கணிக்கிறார்கள். அது நமக்கும் முடியும். சாலையில் நாம் உண்மையில் இழப்பது பக்கவாட்டுப் பார்வை. இரு கண்களோடு ஏறத்தாழ 180 பாகை தெரிந்தது, ஒரு கண்ணில் 150 பாகை அளவுக்குச் சுருங்கிவிடும். மிச்சத்தை மூக்கு மறைத்துவிடும். நம் ஊரில் முந்திச் செல்லும் வண்டிகள் வலப்பக்கமாக வருவதால், வலது கண் போனவர்களுக்கு இது கூடுதல் சிரமம். மோவாய் தோளைத் தொடும் அளவுக்குத் தலையைத் திருப்பிப் பார்த்த பிறகே வண்டியை ஒடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் நரம்பு வெளியேறும் இடத்தில் பார்வையே கிடையாது. முன்பு அதை மற்ற கண் ஈடுகட்டியது, இப்போது ஈடுகட்ட ஆளில்லை. பார்வையில்லாத அந்த இடம் ஏறத்தாழ 5 பாகை அகலம் இருக்கும். 30 மீட்டர் தூரத்தில் கணக்குப் போட்டால் இரண்டரை மீட்டருக்கு மேல் வரும். ஒரு பைக் அதற்குள் முழுதாக மறைந்துவிடும். சந்திப்பில் பார்வையை ஒரே இடத்தில் குத்தி நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியது இதனால்தான்.

கண்ணாடி இல்லாத வண்டி

பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

"நல்ல கண்ணுக்குத்தான் பவர் இல்லையே, கண்ணாடி எதற்கு?"

எனக்கு இன்றும் கோபம் வருவது இதைக் கேட்டால்தான். எங்கள் பேட்மின்டன் குழுவுக்கு ஒரு தம்பி வந்தான். சிறுவயதில் கிட்டிப்புள் பட்டு வலது கண் போனவன். இரட்டையர் ஆட்டத்தில் வெறும் கண்ணோடு வலைக்கு அருகில் நிற்பான். பின்னால் இருக்கும் கூட்டாளி அடிக்கும்போது திரும்பியும் பார்ப்பான். கண்ணில் அடிபட அதைவிட மோசமான நிலை வேறில்லை. சொன்னால், "பட்டோடி ஆடலையாண்ணே?" என்பான்.

கிரிக்கெட் வீரர் பட்டோடி 1961-இல் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். அதே வருடம் டிசம்பரில் டெஸ்ட் ஆடினார், மறுவருடம் 21 வயதில் இந்திய அணியின் தலைவரானார். ஒரு கண்ணோடு ஆட முடியும் என்பதற்கு அவர் சான்று. பாதுகாப்பு வேண்டாம் என்பதற்கு அல்ல. கிரிக்கெட் பந்து கண்குழியைவிடப் பெரியது, அதன் வேகத்தில் பெரும்பகுதியை எலும்பு தாங்கும். ஷட்டிலின் தக்கைத் தலையோ மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. குழிக்குள் நேராக இறங்கி விழியிலேயே அடிக்கும்.

அதனால் பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி தேவை. கடையில் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள், சாதாரண பிளாஸ்டிக்கும் கண்ணாடி லென்ஸும் உடைந்து சில்லாகும். தினசரி அணிய நடுவில் 2 மில்லிமீட்டர், விளையாட்டுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். சட்டம் லென்ஸை முழுதாகச் சுற்றியிருக்க வேண்டும். விளையாட்டுக்கு என்றால், அடிபட்டாலும் லென்ஸ் உள்பக்கம் கழன்று விழாத, பின்னால் பட்டை உள்ள சட்டமாகத் தனியாக வாங்குங்கள். லென்ஸ் இல்லாத வெறும் கம்பிக் காப்பு உதவாது, இடைவெளி வழியாக ஷட்டில் நுழைந்துவிடும். கான்டாக்ட் லென்ஸும் காப்பல்ல. ஆழமான கீறல் விழுந்தால் லென்ஸை மாற்றிவிடுங்கள்.

ஆடுகளத்தோடு இது முடிவதில்லை. தேங்காய் உடைக்கும்போது, கம்பி வெட்டும்போது, சுவரில் ஆணி அடிக்கும்போது, தீபாவளியன்று வாசலில் நிற்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். அந்தத் தம்பியைக் கடைக்கு நானே கூட்டிப்போனேன். பட்டை வைத்த சட்டத்தை முதலில் கூச்சத்தோடுதான் போட்டான். இப்போது அதைப் பையில் எடுத்து வராத நாளில் களத்துக்குள் இறங்குவதில்லை.

மின்னலோ கறுப்புத் திரையோ தெரிந்தும் நாளைக்குப் பார்ப்போம் என்று விடுவது

விழித்திரை விலகலாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.