சோழர் கால ஊராட்சியைப் படிக்கும்போது நூல் வரிசையில் நேரும் தவறுகள்

‘சோழர்களைப் பற்றி ஆழமாகப் படிக்கப் போகிறேன்’ என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நிற்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. நானூறு ஆண்டு வரலாறு, கோயில், கடற்படை, செப்புத் திருமேனி என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் எந்த நூலுக்குப் பின் எது என்றே சொல்ல முடியாது. கேள்வி ஒன்றாக இருந்தால்தான் வரிசை அமையும். இங்கே எடுத்துக்கொள்வது ஒரே கேள்வி: சோழர் கால ஊர்ச் சபைகள் எப்படி நடந்தன, அவை தாமாக இயங்கினவா, அரசன் கைக்குள் இருந்தனவா? குடவோலை முறை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால் எல்லோருக்கும் ஒரு விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. படிப்பு தடுமாறுவதும் அதனால்தான்.

முதல் தவறு, நேராகக் கல்வெட்டுக்குப் போவது. மூலத்தைப் படித்தால் போதும், இடையில் ஆய்வாளர்கள் எதற்கு என்ற எண்ணம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று தொடங்குகிறது. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். உத்தம சோழனும் பரகேசரிதான், முதலாம் இராஜேந்திரனும் பரகேசரிதான். மதுரையை வென்ற பரகேசரி முதலாம் பராந்தகன் என்பதும், அவன் 907இல் பட்டத்துக்கு வந்தவன் என்பதும் தெரிந்தால்தான் அங்கே சொல்லப்படும் 12, 14ஆம் ஆட்சியாண்டுகள் 919, 921 என்று கணக்கு வரும். அரசர் வரிசை மனத்தில் இல்லாதவர் இரண்டு நூற்றாண்டுச் சான்றுகளைக் கலந்து அடுக்கிவிடுவார், கலந்ததே அவருக்குத் தெரியாது.

ஆகவே பொது நூல்தான் முதலில். நீலகண்ட சாஸ்திரியின் தென்னிந்திய வரலாறு, அல்லது நொபொரு கராஷிமா பதிப்பித்து 2014இல் வந்த சுருக்கமான தென்னிந்திய வரலாறு, இரண்டில் ஒன்று போதும். தமிழிலேயே விரிவாக வேண்டுமென்றால் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் இருக்கிறது. இந்த இடத்தில் நேர்கிற தவறு, பொது நூல்களாகவே நாலைந்து படிப்பது. இரண்டாவது நூலில் பாதிக்கு மேல் முன்பே தெரிந்ததாக இருக்கும், முன்னேறுவதுபோல ஒரு மயக்கம் மட்டும் வரும். அரசர் வரிசையைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடிகிறது. ஊர், சபை, நகரம், நாடு என்ற நான்கு அமைப்புகளுக்கும் வேறுபாடு தெரிகிறது. இவ்வளவு வந்துவிட்டால் பொது நூலை மூடிவிடலாம்.

அடுத்தது சாஸ்திரியின் ‘சோழர்கள்’. 1935, 1937இல் இரண்டு தொகுதிகளாக வந்து, 1955இல் திருத்திய பதிப்பு கண்ட நூல். இன்றைக்கும் இதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. மேலே வலுவான அரசு, கீழே துடிப்பான ஊராட்சி, இரண்டும் இணக்கமாக இருந்தன என்பது இதில் கிடைக்கும் சித்திரம். இதோடு நின்றுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. மேடைகளில் கேட்கும் ‘ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜனநாயகம்’ எல்லாம் பெரும்பாலும் இந்தப் படியில் நின்றுவிட்டவர்களின் பேச்சு. நூலை மூடும்போது மனத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும்: அரசு அவ்வளவு வலுவானது என்றால் ஊர் எப்படித் தன்னிச்சையாக இருந்தது?

அந்த முரணைப் பிடித்துக்கொண்டுதான் வரலாற்றாளர் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் எழுதினார். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றிய மானிடவியல் ஆய்விலிருந்து ஒரு மாதிரியை எடுத்து, சோழ நாட்டில் உண்மையான அதிகாரம் நாடு என்ற வட்டாரங்களிடம் இருந்தது, அரசனுக்கு மையப் பகுதிக்கு வெளியே இருந்தது பெரும்பாலும் சடங்கு சார்ந்த மேலாண்மைதான் என்றார். சாஸ்திரியைப் படிக்காமல் ஸ்டைனை எடுத்தால், அவர் யாரோடு சண்டை போடுகிறார் என்றே புரியாது. ஸ்டைனோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் கோளாறு, ஏனென்றால் அவருக்கான பதில் கல்வெட்டுகளை எண்ணிப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது. எ. சுப்பராயலு 1973லேயே சோழ மண்டலத்து நாடுகளை ஊர் ஊராக வரைபடத்தில் குறித்திருந்தார். அவரும் கராஷிமாவும் அதிகாரிகளின் பட்டங்களையும் வரிச் சொற்களையும் கல்வெட்டுகளிலிருந்து திரட்டி, எந்தக் காலத்தில் எது கூடுகிறது, குறைகிறது என்று பார்த்தார்கள். முதலாம் இராஜராஜன் காலம் தொட்டு மைய ஆட்சி இறுகுவது அந்தக் கணக்கில் தெரிகிறது.

சரி, இப்போது உத்திரமேரூருக்குப் போகலாம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள அதே வரிகள் இப்போது வேறு மாதிரி கண்ணில் படும். முதலில், பேசுவது ‘சதுர்வேதிமங்கலத்துச் சபை’, அதாவது பிராமணர்களுக்குத் தரப்பட்ட பிரமதேய ஊரின் சபை. குடும்பு எனப்படும் முப்பது ஊர்ப் பகுதிகளிலிருந்தும் ஓலை எடுக்கிறார்கள், ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வரி செலுத்தும் நிலம், வேலி என்ற நில அளவில் காலுக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35க்கு மேல் 70க்குள் வயது வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் உண்டு. முன்பு வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இந்த விதி ஒன்றுக்காகவே பலர் கல்வெட்டைப் பாராட்டுகிறார்கள், பாராட்டட்டும். பெண்களும் நிலமற்றவர்களும் உழுகுடிகளும் இந்தக் குடத்துக்குள் இல்லை என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது.

அப்புறம், எளிதில் தாண்டிப்போகும் ஒரு செய்தி. 919இல் முதலில் விதி வகுக்கப்பட்டபோது அரசாணையின்படி தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி உடன் இருந்தார். 921இல் சோமாசிப் பெருமான். மூவேந்தவேளான் என்பது அரசன் கொடுக்கும் பட்டம். விவாதத்தைப் படிக்காதவருக்கு இது வெறும் பெயர். படித்தவருக்கோ இதுதான் முடிச்சு: சபை தானாக விதி வகுத்ததா, அரசனின் ஆள் வந்து வகுக்கச் செய்தாரா? இரண்டு ஆண்டுக்குள் விதியை ஏன் மறுபடி எழுத வேண்டியிருந்தது?

கடைசித் தவறு, நன்றாகப் படித்தவர்களும் செய்வது: உத்திரமேரூரைச் சோழ நாடு முழுவதற்கும் விரிப்பது. இதற்கு மருந்து கராஷிமாவின் ஒரு சிறு கட்டுரை. திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் அவர் ஒப்பிட்டார். முதலாவது பிராமணரல்லாத ஊர், இரண்டாவது பிரமதேயம். அல்லூரில் நிலத்தை ஊரார் கூட்டாக விற்கிறார்கள், ஈசானமங்கலத்தில் தனி ஆட்கள் விற்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே நில உரிமை இப்படி வேறுபட்டால், ஒரு பிரமதேயத்தின் வாரிய விதியை எல்லா ஊருக்கும் எப்படிப் பொருத்துவது? 1984இல் வந்த அவருடைய தொகுப்பில் இந்தக் கட்டுரை இருக்கிறது. அதைப் பொது நூலுக்கு முன்னால் படித்தால் இரண்டு ஊர்களின் நிலக் கணக்காகத்தான் தெரியும்.

இதற்கு அடுத்தபடி தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள். இரண்டாம் தொகுதியில் உள்ள தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தொடங்க நல்ல இடம். ஊர் ஊராக வரியில்லா நிலங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு, பறைச்சேரி, கம்மாணச்சேரி என்று வரிசையாக வரும். சபைக் கல்வெட்டில் காணாத மக்கள் இங்கே இடப்பெயராகவாவது தலைகாட்டுகிறார்கள். சுப்பராயலுவின் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய பொருளை நம்பி வாரியம், காணி, இறை போன்ற சொற்களைப் படித்துவிட வேண்டாம்.