மின் ஸ்கூட்டருக்கு கரண்ட் செலவு எவ்வளவு?

பற்றரியில் 60V 32Ah என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 1920. அதை 1000ஆல் வகுத்தால் 1.92 யூனிட். ஆனால் சுவரிலிருந்து எடுப்பது இதைவிடக் கூட. சார்ஜர் சூடாகிறதே, அந்தச் சூடும் உங்கள் கரண்ட்தான். 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால், 1.92ஐ 0.85ஆல் வகுக்க, சுமார் 2.26 யூனிட்.

நேரத்துக்கு சார்ஜரின் ஸ்டிக்கரில் OUTPUT வரியைப் பாருங்கள். மேலேயுள்ள INPUT ஆம்பியரை எடுத்தால் கணக்குப் பிழைக்கும். OUTPUT 5A என்றால் 32ஐ 5ஆல் வகுக்க 6.4 மணித்தியாலம். கடைசிப் பகுதியில் சார்ஜர் ஆம்பியரைக் குறைத்துவிடும், ஆகவே ஏழு, ஏழரை ஆகும்.

விலையில்தான் பலர் சறுக்குவது. பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து சராசரி எடுக்காதீர்கள். நம்முடைய வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஸ்கூட்டர் யூனிட்கள் மேல்படியில்தான் சேரும். அந்தப் படி 45 ரூபா என்று வைத்தால் முழுச் சார்ஜுக்கு ஏறத்தாழ 102 ரூபா. திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளிக்குப் போய்வந்து பாதி இறங்கியிருந்தால் 51 ரூபா. மாதக் கணக்குப் போடும்போது, இந்த யூனிட்கள் உங்களை அடுத்த படிக்குத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். தள்ளினால் நிலையான கட்டணமும் கூடலாம்.