அலோபியூரினால் தொடங்குவது எப்படி: வலி அடங்கிய பின், சிறிய அளவில்

அலோபியூரினால் வலி மாத்திரை அல்ல. உடலில் யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் மருந்து. யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் கவுட் நோய் தாக்கிக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியிருக்கும்போது இதை விழுங்கினால் அன்றைய வலி குறையாது. மருத்துவர் இதை எழுதித் தந்துவிட்டார், இனி என்ன என்று நிற்பவர்களுக்காக, நான் கடந்துவந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி, காத்திருப்பது. தாக்குதலைக் கோல்சிசின் போன்ற மருந்துகளால் அடக்கிவிட்டு, வலி முற்றிலும் போய் இரண்டு வாரம் ஆன பிறகு தொடங்குவது பழைய, பாதுகாப்பான வழக்கம். யூரிக் அமிலப் பரிசோதனையையும் அப்போதே செய்யுங்கள். தாக்குதல் நேரத்தில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். வீக்கத்தை அடக்கும் மருந்தின் துணை இருந்தால் தாக்குதலின்போதே தொடங்கலாம் என்று 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மருத்துவர் அப்படி முடிவு செய்தால் சரி. புதிதாகத் தொடங்குபவர் காத்திருப்பதே நல்லது என்பது என் கட்சி. வலியோடு தொடங்கியவர், வலி நீடித்தால் பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார்.

இரண்டாவது படி, 100 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, உணவுக்குப் பிறகு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 50இல் தொடங்குவார்கள். இதனால்தான் 300 மாத்திரையை விட 100 மாத்திரையே எனக்குப் பிடிக்கும்: அளவை ஏற்றவும் இறக்கவும் எளிது. கூடவே, பலருக்குக் குறைந்த அளவு கோல்சிசினைக் காப்பாக மூன்று முதல் ஆறு மாதம் தருவார்கள். அது ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கும். மூட்டுக்குள் பல ஆண்டுகளாகப் படிந்த படிகங்கள் அப்போது கரைந்து, துகள்களாக உதிரும். உதிர்ந்த துகளைக் கண்ட உடலின் காவல் அணுக்கள் பாய்ந்து தாக்க, பழைய வலி திரும்பிவிடும். ரத்தத்தில் அமிலம் வேகமாக இறங்கினால் இது நேர வாய்ப்பு அதிகம். மாத்திரையின் அளவை மெல்ல ஏற்றச் சொல்வதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, அரிதான ஆனால் ஆபத்தான ஒவ்வாமை. தொடக்க அளவு கூடினால் அதன் வாய்ப்பும் கூடும் என்பதற்குச் சான்று உண்டு.

என் அனுபவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9.2 மில்லிகிராம். 100 மில்லிகிராமில் நான்கு வாரம் இருந்தபின் 8.0. 200க்கு ஏற்றியதும் வலது கட்டைவிரலில் வலி வந்துவிட்டது. அலோபியூரினாலை நிறுத்தாமல், அதே அளவில் தொடர்ந்துகொண்டே வலிக்குத் தனி மருந்து தந்தார் மருத்துவர். தாக்குதலின்போது இதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பது வேறு. ஏற்கெனவே எடுத்துவருபவர் நிறுத்தக் கூடாது என்பது வேறு. நிறுத்தினால் அமிலம் மீண்டும் ஏறும், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த பரிசோதனையில் 6.7. 300க்கு ஏற்றிய பின் 5.6. இலக்கு 6க்குக் கீழே என்பதால் அங்கேயே நின்றோம். தோலுக்கடியில் யூரிக் அமிலக் கட்டிகள் இருப்பவர்களுக்கு 5க்குக் கீழே இலக்கு வைப்பதுண்டு.

எல்லோருக்கும் 300 போதாது. சிலர் அதற்கும் மேலே போக வேண்டியிருக்கும். எனவே மாத்திரையின் எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாமல், பரிசோதனை எண்ணைப் பாருங்கள். ஒரே ஆய்வகத்தில் எடுத்து, ஒரு நோட்டில் தேதி, அளவு, முடிவு என்று எழுதிவைத்தால் போதும். செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை எச்சரிக்கை மணி அடிக்கின்றனவே தவிர, மருத்துவர் மேசையில் விரித்துக் காட்ட உதவுவதில்லை.

பிற்சேர்க்கை: தோலில் சிறு தடிப்பு வந்தது, நாளை சரியாகிவிடுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். காத்திருக்க வேண்டாம். முதல் சில வாரங்களில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல் எது வந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வலி வந்தால் தொடரலாம். தடிப்பு வந்தால் நிறுத்த வேண்டும். சீன, தாய்லாந்து, கொரிய வம்சாவளியினரில் சிலருக்கு இந்த ஒவ்வாமைக்கான மரபணு இருப்பதால், தொடங்கும் முன்பே அதைச் சோதிப்பதுண்டு.

மற்றொருவர் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாத்தியோபிரின் மருந்தை எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். அலோபியூரினால் அந்த மருந்து உடலில் சிதைவதைத் தடுத்து, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் அளவுக்கு அதைத் தேக்கிவிடும். ஆகவே ஏற்கெனவே எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கொடுங்கள்.