குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடையா? ஆய்வறிக்கையும் படங்களும் இணைத்துப் புகார் எழுதுவது எப்படி

குடிநீர் வாரியத்துக்குப் புகார் கொடுத்த பலருக்கு வந்திருக்கும் பதில் இது: “தொட்டிவரை சுத்தமான தண்ணீர்தான் ஏற்றுகிறோம். தெருக்குழாய் உள்ளாட்சியின் பொறுப்பு.” கேட்டால் எரிச்சல் வரும், ஆனால் பேச்சில் நியாயமும் உண்டு. நம் திருநெல்வேலிச் சீமையில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருக்கும் ஊர்களுக்குத் தாமிரபரணி உறைகிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துத் தருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வீட்டுக்கு விடுவது பொதுவாக ஊராட்சியோ பேரூராட்சியோதான். ஆகவே தண்ணீர் கெட்டது தொட்டிக்கு முன்பா, பின்பா என்று உங்கள் புகாரே சொல்லிவிட வேண்டும்.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். முதலில் கலங்கலும் சாக்கடை வாடையும், கால்மணி நேரத்தில் தெளிவு. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே அழுத்தம் குறையும். சாக்கடை ஓரமாக ஓடும் குழாயில் விரிசல் இருந்தால் அந்த நேரத்தில் கழிவுநீர் உள்ளே இறங்கும். மறுபடி தண்ணீர் விடும்போது அதுதான் முதலில் வரும். ஊர் முழுக்க எல்லாத் தெருவிலும், கடைசிவரை அதே வாடை என்றால் மட்டும் தொட்டியையும் அதற்கு முந்தைய பகுதியையும் சந்தேகப்படலாம்.

1. இரண்டு இடத்தில் தண்ணீர் பிடியுங்கள்

வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள தனியார் ஆய்வகத்திலோ கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கான கிருமிநீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். மினரல் வாட்டர் பாட்டில் ஆகாது. அவர்கள் தரும் பாட்டிலைக் கழுவவும் கூடாது. குளோரினை முறிக்க உள்ளே கொஞ்சம் மருந்து போட்டிருப்பார்கள்.

முதல் மாதிரி, வீட்டுக்குழாயில். குழாய் வாயைத் துடைத்து, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கத்தைத் தொடாமல், மேலே கொஞ்சம் இடம்விட்டுப் பிடிக்க வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்று காலையே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம், முதலில் வரும் கலங்கலையும் சோதிக்க விரும்பினால் அதைத் தனிப் பாட்டிலில் பிடித்து, ‘திறந்தவுடன் பிடித்தது’ என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் குழப்பினால் அறிக்கையையே கேள்வி கேட்பார்கள்.

இரண்டாவது மாதிரி, தொட்டியிலிருந்து வெளியேறும் இடத்தில். தண்ணீர் திறந்துவிடுபவரிடம், “அண்ணாச்சி, டேங்க் பக்கத்துக் குழாயில ஒரு பாட்டில் பிடிச்சிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே பிடிப்பது நல்லது.

அறிக்கையில் முதலில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமியான ஈ.கோலை வரியைப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி 100 மில்லி குடிநீரில் அது கண்டறியப்படவே கூடாது. தொட்டியில் இல்லை, வீட்டுக்குழாயில் இருக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் இடைப்பட்ட குழாயில்தான். தெளிந்த தண்ணீரிலும் ஈ.கோலை இருக்கலாம் என்பதால் படம் மட்டும் போதாது.

2. தேதியுள்ள படங்கள்

ஒரே கண்ணாடி டம்ளர், பின்னால் வெள்ளைத்தாள், ஒரே இடம். திறந்தவுடன் ஒன்று, பத்து நிமிடம் கழித்து ஒன்று, தெளிந்ததும் ஒன்று. தேதியும் நேரமும் படத்திலேயே விழும்படி கேமராவில் அமைத்துக்கொள்ளுங்கள். சாக்கடைக்குள் குழாய் போகும் இடத்தை, பக்கத்து மின்கம்ப எண்ணோ வீட்டுக் கதவு எண்ணோ தெரிய எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் பதிவாகியிருக்கும் தேதி விவரம் போய்விடும். மூலப்படத்தை போனிலேயே வைத்திருங்கள்.

3. மனு

வாரியத்தின் நிர்வாகப் பொறியாளருக்கு எழுதி, நகலை ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும் அனுப்புங்கள். பழைய குறைகளையெல்லாம் இதில் சேர்க்காதீர்கள். உடல் பகுதி இவ்வளவு போதும்:

“எங்கள் தெருவில் 12.6.2025 அன்று காலை 6.00 மணிக்கு விடப்பட்ட குடிநீர் கலங்கலாகவும் சாக்கடை வாடையுடனும் வந்தது (இணைப்பு 1: படங்கள் 3). 6.20-க்கு என் வீட்டுக்குழாயில் பிடித்த மாதிரியில் ஈ.கோலை கண்டறியப்பட்டுள்ளது, அன்றே தொட்டியில் பிடித்த மாதிரியில் இல்லை (இணைப்பு 2: ஆய்வறிக்கைகள் 2). தொட்டிக்கும் என் வீட்டுக்கும் இடையிலான குழாயைக் கூட்டாக ஆய்வு செய்து பழுது நீக்கவும், அதுவரை லாரியில் குடிநீர் வழங்கவும், சரிசெய்தபின் மறுபரிசோதனை செய்து அறிக்கை நகல் தரவும் வேண்டுகிறேன்.”

அறிக்கையின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் பட்டுவாடாச் சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்.

4. பதில் வராவிட்டால்

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் பதிந்து மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே இணைப்புகளுடன் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன், அந்த மாதத்தில் தொட்டியிலும் குழாய் முனையிலும் குளோரின் அளவு பார்த்த பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். குழாய் முனையில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பதிவேடு வந்ததும் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.