கலைநிகழ்ச்சி டிக்கெட் விலை: செலவை நாற்காலியால் வகுக்காதீர்கள்

அரங்க வாடகை 40,000, சவுண்ட் சிஸ்டம் 25,000, கலைஞர்களுக்குச் சன்மானம் 55,000, ஆக மொத்தம் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். அரங்கில் 300 நாற்காலி. உடனே வகுத்து 'டிக்கெட் 400 வைத்தால் கை கடிக்காது' என்று முடிவு செய்துவிடுகிறோம். கையைச் சுடுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

டிக்கெட் விற்றுத் தரும் தளம் 10 சதவீதம் எடுத்தால் 400-இல் நம் கைக்கு வருவது 360. 1,20,000-ஐ 360-ஆல் வகுத்துப் பாருங்கள், 334 பேர் வேண்டும். நாற்காலியே 300தான்! அதிலும் கலைஞர்களின் வீட்டார், விருந்தினர், உதவிக்கு வருபவர்கள் என்று 40 இடம் இலவசமாகப் போய்விடும். மிச்சம் 260-உம் விற்றுத் தீரும் என்று எந்த நிகழ்ச்சிக்கும் நம்பக் கூடாது.

அதனால் முதலில் எத்தனை பேர் காசு கொடுத்து வருவார்கள் என்று மனசாட்சியோடு ஒரு எண் எழுதுங்கள். 170 என்று வைப்போம். விலையை 800 ஆக்கினால் கைக்கு 720 வரும், 167 பேர் வந்தால் போட்ட பணம் திரும்பிவிடும். அந்த விலைக்கும் அதே 170 பேர் வருவார்களா என்பதை மட்டும் மறுபடி யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்து பலரும் கோட்டைவிடுவது நேரம். நிகழ்ச்சி மூன்று மணி நேரம்தானே என்று அதற்கு மட்டும் வாடகை பேசிவிடுவார்கள். ஸ்பீக்கர் இறக்கி, ஒயர் இழுத்து, ஒவ்வொரு மைக்காகச் சோதித்துப் பார்ப்பதற்கும், முடிந்த பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஏற்றுவதற்கும் அரங்கம் நம் கையில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் கூடுதலாகி, மணிக்கு 4,000 கேட்டால் செலவு 1,32,000 ஆகிறது, தேவைப்படும் கூட்டம் 184 ஆகிவிடும்.

அப்புறம் முன்பதிவுத் தள்ளுபடி. 60 டிக்கெட்டை 600-க்குக் கொடுத்தால், கமிஷன் போக ஒவ்வொன்றிலும் 180 குறைகிறது, மொத்தம் 10,800. அதை ஈடுகட்ட முழு விலையில் இன்னும் 15 பேர் வேண்டும். ஆக 199. நாம் எதிர்பார்த்ததோ 170.

இந்த இடத்தில் விலையை ஏற்றத்தான் எல்லோருக்கும் தோன்றும், நான் முதலில் அரங்கத்தைத்தான் மாற்றுவேன். 220 நாற்காலி உள்ள இடம் 25,000-க்குக் கிடைத்து, சின்ன இடம் என்பதால் சவுண்ட் 18,000-க்கு முடிந்தால், கூடுதல் மணிநேரமும் சேர்த்து மொத்தச் செலவு 1,10,000. அதற்கு 153 பேர், தள்ளுபடிக்காக 15 பேர், ஆக 168. இலவச இடங்கள் 40 போனாலும் விற்க 180 இருக்கிறது.